உரிமம் முடிக்கும் முன் உள் அலங்காரத்துக்கு மாறலாமா?

வணக்கம். கட்டடக்கலையில் ஐந்தாண்டுப் படிப்பை முடித்து, ஓர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடுகிறது. அதைப் பொறுத்துக்கொள்வேன். என்னை உறுத்துவது கட்டடக்கலைஞர் உரிமத்துக்கான அனுபவப் பதிவேடுதான்.

உரிமத் தேர்வுக்கு வடிவமைப்பு, வரைபடம், ஒப்பந்தம், கட்டுமான மேற்பார்வை என்று ஒவ்வொரு பிரிவிலும் அனுபவம் காட்ட வேண்டும். நான் வரைந்ததெல்லாம் கதவு, சன்னல் அட்டவணைகளும் படிக்கட்டு வெட்டுத்தோற்றங்களும்தான். வரைபடப் பிரிவு எப்போதோ நிரம்பிவிட்டது. மேற்பார்வைப் பிரிவில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பெரிய கட்டடம் எழும்ப ஆண்டுகள் ஆகும், களத்துக்கு மூத்தவர்களையே அனுப்புகிறார்கள். போதாததற்கு, என் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டிய மேலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாதந்தோறும் கையெழுத்து வாங்காதது என் பெரிய தவறு.

இப்போது உள் அலங்கார நிறுவனம் ஒன்று அழைக்கிறது. அங்கே அளவெடுப்பதிலிருந்து ஒப்படைப்பு வரை ஒரு வேலை சில மாதங்களில் முடிந்துவிடும், களத்தில் நிற்கலாம். ஆனால் அங்கே உரிமம் பெற்ற கட்டடக்கலைஞர் யாருமில்லை. அந்த அனுபவம் கணக்கில் சேருமா என்பதே என் பயம்.

நகரத் திட்டமிடலில் முதுகலை படிக்கும் ஆசையும் இருக்கிறது. அந்தப் பாதையில் சென்றவர்கள் சொல்லுங்கள்: உரிமத்தை முடித்துவிட்டுப் போனீர்களா, பாதியில் விட்டீர்களா? விலகிய மேலாளரிடம் பின்னர் கையெழுத்து வாங்கியவர்கள் யாரேனும் உண்டா?