துண்டில `4/52`, `mane`, `sos` எண்டு இருக்கு: அம்மம்மாவுக்குத் தமிழில எழுதிக் குடுக்கலாமா?

கோண்டாவில்_பேரன்

அம்மம்மாவுக்கு மூட்டுவாதம். நேற்று ஒரு டொக்டரைச் சனல் பண்ணிக் காட்டினது. மருந்துத் துண்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கினம். நடுவில மடிப்பு விழுந்திருக்கு, இரண்டாவது வரியின்ர கடைசி அதுக்குள்ள போயிற்றுது. எனக்கு வாசிக்கக்கூடியது இவ்வளவும்தான்:

```
T. MTX 7.5 mg  wkly
T. FA 5 mg  ???
T. Omep 20 mg  mane ac
T. PCM 1 g  tds sos
4/52
```

அவ கண்ணாடி போட்டாலும் இங்கிலீஷ் வாசிக்கமாட்டா. பெரிய எழுத்தில தமிழில எழுதிக் குசினிச் சுவரில ஒட்டப் போறன். எல்லாத்தையும் அப்பிடியே மொழிபெயர்க்கலாமா? `4/52` எண்டால் என்ன?

சைக்கிள்கடைச்_சந்தி

வருசத்துக்கு 52 கிழமை எல்லோ, அதுதான் கீழ இருக்கிற 52. மேல 4. அப்ப நாலு கிழமைக்கு ஒருக்காப் போடுற மருந்து. `mane` எண்டால் காலமை, `sos` எண்டால் அவசரத்துக்கு. மற்றதெல்லாம் மருந்தின்ர பேர், அதைக் கூகிளில அடிச்சால் வரும்.

மருந்துக்கடை_மேசை

52 சரி, முடிவு பிழை. இங்க டொக்டர்மார் எழுதுற பழக்கத்தில கீழ் இலக்கம் அலகு: 7 எண்டால் நாள், 52 எண்டால் கிழமை, 12 எண்டால் மாதம். மேல் இலக்கம் எத்தனை எண்டதுதான். `5/7` ஐந்து நாள், `4/52` நாலு கிழமை, `2/12` இரண்டு மாதம். அது எவ்வளவு காலத்துக்கு எண்டு சொல்லுதே ஒழிய, எத்தனை நாளுக்கு ஒருக்கா எண்டு சொல்லேல்லை. கீழ தனியா எழுதினபடியால் பெரும்பாலும் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்.

தம்பி, நேரத்தையும் சாப்பாட்டையும் பற்றின சொல் தெளிவா வாசிக்க முடிஞ்சால் தமிழாக்கலாம். `mane ac` காலமை சாப்பாட்டுக்கு முதல். `tds` ஒரு நாளில மூன்று தரம். `sos` தேவைப்பட்டால் மட்டும். இரண்டும் ஒண்டா வந்தால், நோ இருந்தால் போடலாம், ஆனால் நாளுக்கு மூன்று தரத்துக்கு மேல இல்லை எண்டுதான் வழமையா அர்த்தம். 500 மில்லிகிராம் பரசிற்றமோல் குளிசை எண்டால் ஒரு தரத்துக்கு இரண்டு. அதோட வேற பேரில பனடோலும் குடிச்சால் ஒரே மருந்து இரட்டிப்பாகும். அதையும் தாளில எழுதுங்கோ. அவ மெலிஞ்ச ஆள் எண்டால் 1 கிராம் கூடவோ எண்டு கேளுங்கோ.

சுருக்கப் பேரை விரிக்கிற வேலையை மட்டும் நீங்கள் எடுக்கவேண்டாம். `MTX` மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டாத்தான் இருக்கும். ஆனால் "இருக்கும்" எண்டதை வைச்சுச் சுவரில ஒட்டேலாது. இந்த மருந்து கிழமைக்கு ஒரு நாள்தான். நாளாந்தம் போட்டால் எலும்பு மச்சையைத் தாக்கும். வாய்ப் புண், காய்ச்சல், தொண்டை நோ, காரணமில்லாத கண்டல், இரத்தக் கசிவு கண்டால் அடுத்த கிளினிக் மட்டும் பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது, நேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்.

இப்ப ஒரு வேலை செய்யுங்கோ. மருந்து கட்டித் தந்த கடதாசி உறைகளை எடுத்து, என்ன எழுதியிருக்கு, உள்ள எத்தனை குளிசை எண்டு எண்ணிச் சொல்லுங்கோ.

நல்லூர்_அக்கா

எங்கட அவருக்குச் சென்னையில எழுதின கண் சொட்டு மருந்துத் துண்டில `OD` எண்டு இருந்தது. நாங்கள் நாளுக்கு ஒருக்கா எண்டு நினைச்சம், பாத்தால் வலக்கண்ணாம். அம்மம்மாவின்ர மருந்தும் கண்ணுக்கோ?

மருந்துக்கடை_மேசை

இல்லை அக்கா, இது குளிசை. ஆனால் நீங்கள் சொன்னது நல்ல உதாரணம். குளிசை வரியில `OD` நாளுக்கு ஒருக்கா, கண் மருந்து வரியில வலக்கண். ஒரே இரண்டு எழுத்து, வரியைப் பாத்துத்தான் பொருள்.

கோண்டாவில்_பேரன்

எண்ணியாச்சு. முதல் உறையில 12 குளிசை, "3, வாரம் ஒருமுறை" எண்டு பேனையால எழுதியிருக்கு. என்ன கிழமை எண்டு இல்லை. இரண்டாவதில 24 குளிசை, எழுத்து அழிஞ்சு போச்சு. இரண்டும் சின்ன மஞ்சள் குளிசை, பக்கத்தில வைச்சால் எனக்கே பிடிபடேல்லை. ஒண்டும் இன்னும் போடேல்லை.

மருந்துக்கடை_மேசை

நல்ல காலம் போடேல்லை. கணக்கைப் பாருங்கோ. மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம் குளிசை எண்டால் மூன்று குளிசை 7.5. நாலு கிழமைக்கு 3 × 4, 12. உறையில 12 இருக்கு. துண்டு, உறை, எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகுது. நாளாந்தம் எண்டால் 84 தந்திருக்கவேணும்.

இரண்டாவதில கணக்கு இடிக்குது. `FA` இந்த இடத்தில போலிக் அசிட்டாத்தான் வரும், மெத்தோட்ரெக்சேட்டின்ர பக்கவிளைவைக் குறைக்கச் சேர்த்து எழுதுறது. அதைச் சில டொக்டர்மார் கிழமைக்கு ஒருக்கா, வேற நாளில குடுப்பினம். அப்பிடி எண்டால் 4 குளிசைதான். சிலர் மெத்தோட்ரெக்சேட் போடுற நாளை விட்டு மற்ற ஆறு நாளும் குடுப்பினம். 6 × 4, 24. உங்கட உறைக்கு அதுதான் பொருந்துது.

சைக்கிள்கடைச்_சந்தி

அப்ப முடிஞ்சுது, ஆறு நாள் எண்டு எழுதலாம்.

மருந்துக்கடை_மேசை

எழுதேலாது. நாளுக்கு ஒண்டு எண்டு 28 எழுதி, கையில இருந்தது 24தான் எண்டு கட்டித் தந்திருக்கவும் கூடும். எண்ணிக்கை பிழையைக் காட்டிக் குடுக்கும், வரி என்ன சொல்லுது எண்டதை நிரூபிக்காது. கடைக்கு மூல துண்டையும் இரண்டு உறையையும் கொண்டுபோய், "இந்த வரியில என்ன இருக்கு, மெத்தோட்ரெக்சேட் என்ன கிழமை, போலிக் அசிட் எந்த நாள்" எண்டு கேளுங்கோ. அவைக்கும் வாசிக்க முடியாட்டில் டொக்டரைக் கேக்கிறது அவையின்ர வேலை, ஊகிக்கிறது இல்லை.

வெளியூர் ஆளுக்கும் போட்டோ அனுப்புறதெண்டால் துண்டை விரிச்சு மட்டமான மேசையில வைச்சு, யன்னல் வெளிச்சத்தில, பிளாஷ் இல்லாமல், நாலு மூலையும் தெரிய எடுங்கோ. புள்ளியும் மடிப்பும்தான் ஏமாத்தும்: 7.5இன்ர புள்ளி மங்கினால் 75.

கோண்டாவில்_பேரன்

கடைக்குப் போட்டு வந்தன். மெத்தோட்ரெக்சேட்டுக்குப் புதன்கிழமை எண்டு அவை துண்டைப் பாத்துச் சொன்னவை, முதல் வரியின்ர கடைசியிலயும் மடிப்புக்குள்ள `Wed` எண்டு இருந்ததாம். உறையிலயும் எழுதித் தந்தவை. போலிக் அசிட் வரி அவைக்கும் விளங்கேல்லை, டொக்டர் சத்திரசிகிச்சையில நிக்கிறாராம், பின்னேரம் எடுத்துச் சொல்லுவினம். இப்ப ஒட்டினது இவ்வளவும்:

"மெத்தோட்ரெக்சேட் 2.5 மி.கி.: புதன்கிழமை மட்டும், 3 குளிசை. வேற நாளில இல்லை.
ஒமெப்ரசோல் 20 மி.கி.: காலமை, சாப்பாட்டுக்கு முதல், 1.
பரசிற்றமோல் 500 மி.கி.: நோ இருந்தால் மட்டும், 2. நாளுக்கு மூன்று தரத்துக்கு மேல இல்லை. பனடோல் வேற குடிக்கவேண்டாம்."

பரசிற்றமோலின்ர அளவு அவவின்ர நிறைக்குச் சரி எண்டவை. இரண்டாவது மருந்தின்ர இடத்தை வெறுமையா விட்டிருக்கிறன், உறையைத் தனி டப்பாவில.

மருந்துக்கடை_மேசை

வெறுமையா விட்டது சரி. இன்னொரு வரி சேருங்கோ: வேற டொக்டரிட்டப் போனால் இந்தத் துண்டையும் காட்டவேணும். சிறுநீர்க் கிருமித் தொற்றுக்குக் குடுக்கிற டிரைமெத்தோபிரிம் இதோட சேரக்கூடாது.

நல்லூர்_அக்கா

தம்பி, இண்டைக்கு என்ன கிழமை? செவ்வாய் எல்லோ. நாளைக்குக் காலமைக்குள்ள போலிக் அசிட் பதில் வராட்டில் என்ன செய்யிறது?

மருந்துக்கடை_மேசை

நாளைக்கு மெத்தோட்ரெக்சேட்டைத் தொடங்குறதோ, போலிக் அசிட் விபரம் வரும் வரைக்கும் நிக்கிறதோ எண்டதையும் அதே அழைப்பில கேக்கச் சொல்லுங்கோ. அது நான் சொல்லுற முடிவு இல்லை.