செங்கல் லோடை எடுத்துக்கொள்ளலாமா?

வணக்கம். வீட்டு வேலைக்கு முதல் லோடு செங்கல் வந்திருக்கிறது. இருபது கல்லை நீளவாக்கில் ஒட்டி அடுக்கி டேப் பிடித்தேன், 4.6 மீட்டருக்கு ஒரு விரற்கடைதான் குறைவு, அது பரவாயில்லை.

கவலை தண்ணீரில்தான். ஐந்து கல்லை வெயிலில் நன்றாகக் காயவைத்து எடை போட்டேன், ஒவ்வொன்றும் 3 கிலோ. 24 மணி நேரம் ஊறவைத்துத் துடைத்தால் மூன்று கல் 3.5 கிலோ, இரண்டு கல் 3.7 கிலோ. சராசரி 20 சதவீதத்துக்குள் வந்துவிடுகிறது, ஆனால் அந்த இரண்டும் 23ஐத் தாண்டுகின்றன. நிறமும் வெளிறல், தட்டினால் ‘ணங்’ என்று கேட்கவில்லை. ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து போட்டதும் இரண்டாக உடைந்தது.

சரியாக வேகாத கல் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். சராசரியை நம்பி எடுத்துக்கொள்ளலாமா? அல்லது சத்தத்தை வைத்துப் பொறுக்கி, மீதியைத் திருப்பி அனுப்பலாமா? லோடுக்கு எத்தனை கல் எடுத்துப் பார்ப்பீர்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார்.