குலுக்கிய சோடாப்போத்தலில் நடப்பதற்கு என்ன சொல்: கருவாக்கமா, முளைப்பா, வித்தா?

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்

உயர்தர மாணவருக்கான ஒரு செய்முறைக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். குலுக்கிய சோடாப்போத்தலைத் திறந்தால் ஏன் நுரைத்து வழிகிறது என்ற பகுதியில் நியூக்கிளியேசன் என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது. 'கருவாக்கம்' என்று எழுதினேன். எழுதிவிட்டு வாசித்தால் மனம் ஒப்பவில்லை. நம் பாடநூல்களில் கரு என்றால் அணுவின் கரு, கலத்தின் கரு. கருக்கட்டல் என்றால் உயிரியல். சோடாவுக்குள் எந்தக் கரு உருவாகிறது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? வேறு சொல் உண்டா?

கல்முனை, இரசாயனவியல் ஆசிரியர்

நுரைத்தெழல் என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே. ஆப்பச்சோடாவில் தேசிக்காய்ப் புளி விட்டால் காபனீரொட்சைட்டு நுரைத்தெழும். அதையே போடுங்கள், புதுச்சொல் எதற்கு?

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்

சேர், அது கண்ணுக்குத் தெரிகிற விளைவு. நான் கேட்பது அதற்கு முந்திய படி: கரைந்திருந்த வாயு எந்த இடத்தில், எதைப் பற்றிக்கொண்டு குமிழாகத் தொடங்குகிறது என்பது. அதுபோக, சோடாவில் புதிதாகத் தாக்கம் எதுவும் நடப்பதில்லை. வாயு முன்னமே உள்ளே கரைந்து கிடக்கிறது.

களுவாஞ்சிக்குடி, பௌதிகவியல் ரியூசன்

இதற்குக் கலைச்சொல்லே தேவையில்லை என்பது என் எண்ணம். குலுக்கினால் உள்ளே அமுக்கம் கூடுகிறது, திறந்தவுடன் அந்த அமுக்கம் பானத்தைத் தள்ளுகிறது. 'அமுக்க விடுவிப்பு' போதும். குலுக்கக் குலுக்க அமுக்கமானியின் முள் ஏறுவதை ஒரு பானத் தொழிற்சாலையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அக்கரைப்பற்று, பானத் தரக்கட்டுப்பாடு

சேர் பார்த்தது உண்மைதான், ஆனால் முழுவதையும் பார்க்கவில்லை. அந்தச் சோதனையில் முதலில் மூடியை ஊசியால் துளைத்து அமுக்கமானியைப் பொருத்துவோம். அடுத்து வால்வைத் திறந்து, திரவத்துக்கு மேலே உள்ள வெளியில், அதாவது மேல்வெளியில், இருக்கிற வாயுவை வெளியே விடுவோம். முள் பூச்சியத்துக்கு வந்த கையோடு வால்வை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் குலுக்கல். இப்போது முள் ஏறும், ஏனென்றால் வெளியே விட்ட வாயுவுக்குப் பதிலாகக் கரைசலிலிருந்து வாயு வந்து மேல்வெளியை நிரப்புகிறது. ஒரு கட்டத்தில் முள் நின்றுவிடும். அதன்பின் கை வலிக்கக் குலுக்கினாலும் அசையாது. அந்த அமுக்கத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, பானத்தில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று அட்டவணையில் பார்ப்போம். முள் நிற்கும் இடம், துளைக்குமுன் போத்தலில் இருந்த அமுக்கத்தைவிடச் சற்றுக் கீழேதான் இருக்கும், கொஞ்ச வாயுவை வெளியே விட்டுவிட்டோம் அல்லவா.

திறக்காத போத்தல் கடையில் ஒரு நாள் இருந்தாலே மேல்வெளி வாயுவும் கரைந்த வாயுவும் சமநிலைக்கு வந்திருக்கும். அதைக் குலுக்குவதால் அமுக்கம் கூடாது. கருவியில்லாமலே பார்க்கலாம்: பிளாஸ்ரிக் போத்தலைக் குலுக்குமுன் ஒருதரம் பெருவிரலால் அமுக்குங்கள், குலுக்கியபின் ஒருதரம் அமுக்குங்கள். விறைப்பு மாறாது. அதே போத்தலை வெயிலில் அரைமணி வைத்துவிட்டு அமுக்கிப் பாருங்கள், கல்லுப்போல இருக்கும். அமுக்கத்தைக் கூட்டுவது சூடு, குலுக்கல் அல்ல.

களுவாஞ்சிக்குடி, பௌதிகவியல் ரியூசன்

வாயுவை முதலில் வெளியே விட்டதை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் குலுக்கிய போத்தல் ஏன் வழிகிறது? இரண்டு போத்தலிலும் அதே வாயு, அதே அமுக்கம் என்கிறீர்களே.

அக்கரைப்பற்று, பானத் தரக்கட்டுப்பாடு

500 மில்லிலீற்றர் போத்தலை வைத்துச் சொல்கிறேன். பானத்தின் கனவளவைப்போல மூன்றரை மடங்கு வாயு கரைந்திருப்பதாக வையுங்கள். நாங்கள் சொல்லும் மடங்கு 0 பாகையில் 1 வளிமண்டல அமுக்கத்தில் அளந்த கனவளவு. அப்படிப் பார்த்தால் போத்தலில் 1.75 லீற்றர் வாயு, எடையில் மூன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. 30 பாகையில் இதை உள்ளே பிடித்து வைக்க 5 வளிமண்டலத்துக்கு மேல் அமுக்கம் வேண்டும். மூடியைத் திறந்தால் அந்தச் சூட்டில் பானத்தால் வைத்திருக்க முடிவது கிட்டத்தட்ட 0.7 மடங்கு மட்டும். மீதி ஏறத்தாழ 1.4 லீற்றர் வாயு வெளியேற வேண்டியது.

ஆனால் வெளியேற வேண்டிய வாயு உடனே வெளியேறிவிடாது. ஆடாமல் இருந்த போத்தலை மெல்லத் திறந்தால் 'புஸ்' என்று மேல்வெளி வாயு போகும், சுவரில் அங்கங்கே குமிழ்ச்சரம் ஏறும், அவ்வளவுதான். பானம் முழுக்கச் சப்பென்று போக மணிக்கணக்காகும். காரணம், தூய திரவத்தின் நடுவே ஒன்றுமில்லாத இடத்தில் குமிழ் தோன்றுவது மிகக் கடினம். குட்டிக் குமிழை மேற்பரப்பிழுவிசை நசுக்குகிறது. எவ்வளவு சிறியது தப்பும் என்பதற்குக் கணக்கு r = 2γ/Δp. இதில் r குமிழின் ஆரை, γ மேற்பரப்பிழுவிசை, Δp வாயுவைக் கரைத்து வைத்திருந்த அமுக்கத்துக்கும் வெளியமுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். இந்தப் போத்தலில் Δp நாலு வளிமண்டலத்துக்குச் சற்று மேல், ஆகவே r ஒரு மைக்ரோமீற்றரில் மூன்றிலொரு பங்களவு. அதைவிடப் பெரிய வாயுப்பொட்டு முன்கூட்டியே இருந்தால் வளரும், இல்லாவிட்டால் மடியும்.

குலுக்கும்போது நாம் செய்வது அந்தப் பொட்டுகளை ஆயிரக்கணக்கில் உள்ளே அனுப்புவதுதான். மேல்வெளி வாயு நொறுங்கி, பானத்தின் அடிவரை சிறு குமிழ்களாகக் கலந்துவிடுகிறது. திறந்த கணத்தில் அமுக்கம் விழுந்து அவை ஒவ்வொன்றும் ஐந்து மடங்கு பெருக்கும். கூடவே சுற்றியிருக்கிற கரைந்த வாயுவும் அவற்றுக்குள் பாய்கிறது. மேலே போகுமுன் அவை பானத்தையும் தூக்கிக்கொண்டு வருகின்றன. இந்தப் போத்தலில் மேல்வெளி 25 மில்லிலீற்றர் என்றால், பானத்துக்குள் 25 மில்லிலீற்றர் குமிழ் சேர்ந்தாலே விளிம்பு தாண்டிவிடும். 1.4 லீற்றரில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. வழிவதற்கு வாயு முழுக்க வெளிவரத் தேவையில்லை, கொஞ்சம் சட்டென்று வந்தால் போதும்.

வாழைச்சேனை, கடை

சொல்லு விசயம் எனக்குத் தெரியாது. எங்கட கடைக்குச் சோடா பெட்டி பெட்டியா லொறியில வரும், றோட்டு குண்டும் குழியும். இறக்கின உடனே ஆரும் கேட்டா எடுத்துக் குடுக்கிற, திறந்தா அவங்கட சட்டையெல்லாம் நனையுது. மறுகா எங்களோட சண்டை. போத்தலில விரலால தட்டினா வழியாது எண்டுறாங்க, அது சரியா?

அக்கரைப்பற்று, பானத் தரக்கட்டுப்பாடு

தட்டுவதில் பெரிதாகப் பலன் இல்லை அண்ணன். டென்மார்க்கில் 2019இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பியர் ரின்களைக் குலுக்கி, சிலவற்றைத் தட்டியும் சிலவற்றைத் தட்டாமலும் திறந்து எடை பார்த்தார்கள், வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தட்டுகிறவர்களுக்குக் கிடைக்கிற நன்மை, தட்டும் நேரம் போத்தல் ஆடாமல் இருக்கிறது என்பதுதான்.

நேரம்தான் மருந்து. பத்திலொரு மில்லிமீற்றர் அகலமான குமிழ் ஒரு செக்கனுக்குச் சுமார் 5 மில்லிமீற்றர் ஏறும், ஆக 20 சென்ரிமீற்றர் போத்தலை முக்கால் நிமிடத்தில் தாண்டிவிடும். அதில் பாதி அகலமானதற்கு இரண்டரை நிமிடம் போகும். இன்னும் சிறியவை ஏறிமுடியுமுன் மூடிய போத்தலுக்குள் மேற்பரப்பிழுவிசையால் நசுங்கித் திரும்பக் கரைந்துவிடும். ஆகவே இறக்கியதை நிமிர்த்தி வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள், குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் நல்லது. 5 பாகையில் அதே போத்தலின் அமுக்கம் இரண்டரை வளிமண்டலத்துக்கு இறங்கிவிடும், வளரக்கூடிய பொட்டும் ஒரு மைக்ரோமீற்றர் அளவு பெரிதாக இருந்தாக வேண்டும். அவசரத்துக்குத் திறப்பதென்றால் திருகுமூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, நுரை கழுத்துக்கு ஏறும்போது திரும்ப இறுக்கி, அடங்கியபின் மறுபடி திருப்புங்கள். தகர மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில் இந்த வித்தை செய்ய முடியாது, பொறுக்கத்தான் வேண்டும்.

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்

இப்போது சிக்கல் எனக்குத் தெளிவாகிறது. கருவாக்கம் என்றால் இல்லாதது உருவாகிறது என்ற பொருள் வருகிறது. இங்கே நடப்பதோ ஏற்கெனவே இருக்கிற பொட்டு வளர்வது. 'குமிழ்முளைப்பு' எப்படி?

கல்முனை, இரசாயனவியல் ஆசிரியர்

முன்பு கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னிக்க. நம்மூர் எருமைத் தயிரை நினையுங்கள். காய்ச்சி ஆறிய பாலில் கொஞ்சம் உறைமோர் விட்டால்தான் உறையும். குலுக்குவதும் அப்படி உறை விடுவதுதானே? 'குமிழ் உறை' என்று சொல்லலாமே.

அக்கரைப்பற்று, பானத் தரக்கட்டுப்பாடு

உவமை நன்றாக இருக்கிறது சேர், சொல்லாக வைத்தால் இடிக்கும். உறைதல் என்றால் பௌதிகத்தில் திண்மமாவது. உறைமோரில் உயிர் பெருகுகிறது, இங்கே வாயுப்பொட்டு பெருகுவதில்லை, உப்புகிறது.

முளைப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. வயலில் நெல் முளைக்கிறது என்றால் நெல் முன்பே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் முன்பே இருக்கிற வாயுப்பொட்டு 'குமிழ்வித்து', அது வளரத் தொடங்குவது 'குமிழ்முளைப்பு'. குலுக்கல் வித்தை விதைக்கிறது, திறத்தல் முளைக்கவைக்கிறது. குவளைச் சுவரில் ஒட்டிய துணிநாருக்குள் சிக்கிய காற்றும் குமிழ்வித்துத்தான், அதனால்தான் ஒரே இடத்திலிருந்து சரம்சரமாகக் குமிழ் வருகிறது.

களுவாஞ்சிக்குடி, பௌதிகவியல் ரியூசன்

ஒரு மறுப்பு. வித்தே இல்லாமல் வெறும் திரவத்தின் நடுவே குமிழ் தோன்றுவதையும் நியூக்கிளியேசன் என்றுதான் சொல்கிறோம். சோடாவில் அது நடக்காது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வெடித்துக் கொதிக்கும் நீர் போன்ற இடங்களில் அதைச் சொல்ல வேண்டிவரும். வித்தில்லாத முளைப்பு என்று எப்படி எழுதுவது?

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்

அதற்குக் கருவாக்கத்தையே விட்டுவிடலாமா? இல்லாதது உருவாவதால் அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வைத்தால் பரீட்சைத்தாள் எழுதுகிறவர்கள் சம்மதிப்பார்களா என்பது சந்தேகம்.

இப்போதைக்குக் கையேட்டு வசனத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: "குலுக்கும்போது மேல்வெளி வாயு சிறு குமிழ்வித்துகளாகப் பானமெங்கும் பரவுகிறது. மூடியைத் திறந்ததும் அமுக்கம் குறைவதால் அவை முளைத்துப் பெருத்து, பானத்தைத் தூக்கிக்கொண்டு வழிகின்றன." முந்திய வரைவில் இருந்த 'அமுக்கம் கூடுகிறது' என்ற வரியை வெட்டிவிட்டேன்.

கல்முனை, இரசாயனவியல் ஆசிரியர்

நல்லது. பளிங்காக்கச் செய்முறையில் கரைசலில் போடுகிற சிறு பளிங்கையும் 'வித்துப் பளிங்கு' என்று எழுதினால் இரண்டு பாடத்துக்கும் ஒரே வேர் ஆகும். ஆனால் கொதிக்கவைக்கும்போது குடுவையில் போடுகிற ஓட்டுத்துண்டு இருக்கிறதே, அது வித்தா, வித்து ஒளிந்திருக்கிற இடமா? அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.