ஹஸ்கியா, மலமூட்டா? படத்தைப் பார்த்துப் பிரித்தறிந்த அனுபவங்கள்

ஸ்காபரோ வாசி

டொரொண்டோவில் ஒரு விலங்குக் காப்பகத்தில் வார இறுதிகளில் தன்னார்வலராக இருக்கிறேன். வழிதவறி வந்த நாய்களைப் படமெடுத்து, நிறம், பாலினம், இனம் எழுதி இணையத்தில் ஏற்றுவது என் வேலை. மற்றதெல்லாம் சுலபம். இனம் என்ற கட்டத்தில்தான் எப்போதும் வழக்கு. சாம்பலும் வெள்ளையும் கலந்து, காது நிமிர்ந்து எந்த நாய் வந்தாலும் முன்மேசையில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'ஹஸ்கி' என்று எழுதிவிடுகிறார்கள். போன குளிர்காலத்தில் ஒருவர் தன் நாயைத் தேடி எங்கள் பட்டியலைத் தினமும் பார்த்திருக்கிறார். அவர் 'மலமூட்' என்று தேட, அவருடைய நாய் 'ஹஸ்கி'யாகப் பட்டியலில் இருந்திருக்கிறது.

இப்போது ஒரு ஆண் நாய் வந்திருக்கிறது. சாம்பல் முதுகு, வெள்ளை முகம், நெற்றியில் கறுப்புத் தொப்பி போன்ற அடையாளம், பழுப்புக் கண். கழுத்தில் பட்டை இல்லை, சிப்பும் இல்லை. கொண்டுவந்தவர் காரின் பின் இருக்கையில் உட்காரவைத்து முகத்துக்கு அருகில் எடுத்த படம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் மூஞ்சி பெரிதாக, கரடிக்குட்டியைப் போலத் தெரிகிறது. இந்த இரண்டு இனங்களோடு பழகியவர்கள் படத்தில் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கோவை கதிர்

அக்கா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கண்ணைப் பாருங்கள். நீலக் கண் என்றால் ஹஸ்கி, பழுப்புக் கண் என்றால் மலமூட். எங்கள் தெருவில் ஒரு ஹஸ்கி இருக்கிறது, இரண்டு கண்ணும் பளிங்குபோல் நீலம். உங்கள் நாய்க்குப் பழுப்பு, மூஞ்சியும் பெரியது. மலமூட்தான். உயரமும் பார்த்துக்கொள்ளுங்கள், மலமூட் ஹஸ்கியைவிட மிகவும் உயரம்.

பெங்களூர் பழைய கை

கதிர் தம்பி சொன்னதில் பாதி சரி. நாய்க் கண்காட்சிகளில் நடுவருக்குப் பக்கத்தில் நெடுநாள் நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

நீலக் கண் மலமூட்டுக்கு ஆகாது. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் இன இலக்கணப்படி நீலக் கண் இருந்தால் மலமூட் போட்டியிலிருந்தே விலக்கப்படும். ஆகவே படத்தில் ஒரு கண் நீலமாக இருந்தாலும் அது தூய மலமூட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அதைத் திருப்பிப் போட முடியாது. ஹஸ்கிக்கு நீலம், பழுப்பு, ஒரு கண் ஒரு நிறம், ஒரே கண்ணில் இரு நிறம் எல்லாமே அனுமதி. பழுப்புக் கண் ஹஸ்கிகள் ஏராளம். பழுப்புக் கண்ணைக் கண்டால் அந்தக் குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான்.

உயரமும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாது. ஆண் ஹஸ்கி தோள்பட்டையில் 21 முதல் 23.5 அங்குலம். ஆண் மலமூட் ஏறக்குறைய 25 அங்குலம். பெரிய ஹஸ்கிக்கும் மலமூட்டுக்கும் இடையில் இரண்டு விரல் அகலம்தான் வித்தியாசம். அதைப் படத்தில் அளந்துவிட முடியுமா? எடையில்தான் விஷயம் இருக்கிறது. ஆண் ஹஸ்கி 20 முதல் 27 கிலோ, ஆண் மலமூட் 38 கிலோவை ஒட்டி. கிட்டத்தட்ட அதே உயரத்தில் பத்துக் கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமக்கிறது என்றால் அது எலும்பிலும் மார்பிலும் தெரிந்தாக வேண்டும். ஆகவே நான் முன்னங்காலின் பருமனையும் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவிலுள்ள அகலத்தையும் பார்ப்பேன். ஹஸ்கி ஓட்டக்காரன், மலமூட் சுமை இழுப்பவன்.

நிறத்தையும் முகத் தொப்பியையும் மறந்துவிடுங்கள். இரண்டிலும் ஒன்றேபோல் வரும்.

அந்தக் கார் படத்தை வைத்து நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கைபேசியை நாயின் முகத்திலிருந்து 40 சென்டிமீட்டரில் பிடித்தால் மூக்கு 40-இல் இருக்கிறது, காது 60-இல் இருக்கிறது. மூக்கு ஒன்றரை மடங்கு பெரிதாக விழும், காது சிறுத்துப் பின்னால் போகும். பெரிய மூஞ்சி, சிறிய காது என்பது மலமூட்டின் முகம் அல்லவா? எந்த ஹஸ்கியையும் அப்படி மலமூட் ஆக்கிவிடலாம். இரண்டரை மீட்டர் தள்ளிப்போய், நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். அப்போது அந்த ஒன்றரை மடங்கு வித்தியாசம் பத்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். முகம் ஒன்று, பக்கவாட்டில் நிற்பது ஒன்று. இரண்டிலும் காது நிமிர்ந்திருக்க வேண்டும்.

அடையாறு ஆலமரம்

எங்கள் வீட்டிலும் இதே தலைவலி. எங்களுடையது கோல்டன் ரெட்ரீவர். சென்னை வெயில் தாங்காதே என்று வீட்டில் கோடையில் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அதன்பிறகு எடுத்த படங்களைப் பார்த்த உறவினர்கள் எல்லோரும் "லாப்ரடார் எப்போது வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள். நிறமும் அதே நிறம், தொங்கும் காதும் அதே காது. நான் என்ன சொல்லி நம்பவைப்பது?

பெங்களூர் பழைய கை

ஐயா, கேள்வி பனிநாய்களைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன். முடி போன பிறகு வாலைக் காட்டுங்கள். லாப்ரடாரின் வால் அடியில் தடித்து, நுனிக்குப் போகப்போக மெலிந்து, சுற்றிலும் குட்டை முடியோடு உருண்டையாக இருக்கும், நீர்நாயின் வால் மாதிரி. கோல்டனுக்கு வாலின் அடிப்புறத்தில் நீள முடி தொங்கும். முடிவெட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த வால் குஞ்சத்தைத் தொடாமல் விடுவார்கள். அதையும் வெட்டியிருந்தால் பழைய படம்தான் சாட்சி. இன்னொன்று, இரட்டை ரோமம் உள்ள நாயை அவ்வளவு ஒட்ட வெட்டாதீர்கள். தோல் நேரடியாக வெயிலில் படும், சில நாய்களுக்கு முடி பழையபடி வளருவதும் இல்லை.

அலாஸ்கா போய்வந்தவன்

என் அனுபவம் தலைகீழ். ஆங்கரேஜ் பக்கம் பனிவண்டி நாய்கள் வளர்க்கும் ஓரிடத்துக்குப் போனோம். 1973 முதல் அங்கிருந்து நோம் ஊர்வரை இடிடராட் பந்தயம் நடக்கிறதே, அதற்கு நாய் தயார் செய்பவர்கள். பஞ்சுபோல் ஹஸ்கிகள் வரிசையாக நிற்கும் என்று கேமராவோடு இறங்கினால், ஒல்லியாக, காது பாதி மடிந்து, பழுப்பும் கறுப்புமாக நம் ஊர்த் தெருநாய்கள் போல நிற்கின்றன! கேட்டால் 'அலாஸ்கன் ஹஸ்கி' என்கிறார்கள். அது கென்னல் கிளப் ஏற்ற இனமே இல்லை, வேகத்துக்காகக் கலந்து கலந்து வளர்த்த வகை. பெரிய பந்தயங்களில் இழுப்பவை பெரும்பாலும் இவைதானாம். எடுத்த படங்களைச் சொந்தக்காரர்களிடம் காட்டினால் "இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனாய்?" என்றார்கள். கனடாவில் ஒரு நாய் இரண்டு கட்டத்திலும் அடங்கவில்லை என்றால் இதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்காபரோ வாசி

பழைய கை அண்ணா சொன்னபடி இன்று எடுத்தேன். பிஸ்கட் பையைக் கசக்கினால் காது நிமிர்கிறது, விட்டால் பின்னால் மடிகிறது. நல்லதாக ஒரு முகப் படமும் ஒரு பக்கவாட்டுப் படமும் கிடைத்தன. தராசில் 31 கிலோ.

முகப் படத்தில் கரடிக்குட்டி காணாமல் போய்விட்டது. மூஞ்சி கண்ணுக்குக் கீழே அகலமாகத் தொடங்கி மூக்கை நோக்கி ஒடுங்குகிறது. காதுகள் உச்சந்தலையில் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு காதை வைத்தால் சரியாக இருக்கும் அளவு இடைவெளி. பக்கவாட்டில் பார்த்தால் வால் முதுகின்மேல் அரிவாள்போல் வளைந்திருக்கிறது.

கோவை கதிர்

வால் முதுகின்மேல்! மலமூட்டின் வால்தான் அப்படி. ஹஸ்கியின் வால் தொங்கும்.

பெங்களூர் பழைய கை

தம்பி, சும்மா நிற்கும்போது ஹஸ்கி வாலைத் தொங்கவிடும், காதுக்கு ஏதாவது எட்டிவிட்டால் அரிவாள்போல் தூக்கும். பிஸ்கட் பைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற நாயின் வால் மேலே இல்லாமல் எங்கே இருக்கும்? வால் எங்கே இருக்கிறது என்பதைவிட அதன் முடியைப் பார்க்க வேண்டும். ஹஸ்கிக்கு நரிவால், சுற்றிலும் முடி ஒரே நீளம். மலமூட்டின் வால் அசைகிற இறகுக் கொத்து. 'நரிவால் போலக் குட்டை முடியோடு இருக்கக் கூடாது' என்று அதன் இலக்கணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

காதுதான் என் முதல் சாட்சி. ஹஸ்கியின் காது தலையின் உச்சியில், ஒன்றையொன்று நெருங்கி, நேராக மேலே பார்க்கும். மலமூட்டின் காது மண்டையின் வெளியோரத்தில், பின்பக்கமாகப் பொருத்தியதுபோல், தலையிலிருந்து சற்று விலகி நிற்கும். தலை அகலம் என்பதால் காது சிறியதாகவும் தோன்றும். நடுவில் ஒரு காதுதான் கொள்ளும் என்றால் நான் ஹஸ்கிப் பக்கம் சாய்வேன். இரண்டு காது கொள்ளும் என்றால் மலமூட். இது என் கைக்கணக்கு, புத்தகத்தில் தேடாதீர்கள். காது மடிந்த படத்தில் இந்தக் கணக்கைப் போடவும் கூடாது. மடிந்தால் எந்த நாய்க்கும் காது அகன்றுதான் தெரியும்.

ஒடுங்கும் மூஞ்சியும் ஹஸ்கி என்றே சொல்கிறது. மலமூட்டின் மூஞ்சி நுனிவரை சற்றே ஒடுங்கினாலும் கனமாகவே வரும். பாதம் எப்படி இருக்கிறது?

ஸ்காபரோ வாசி

பனிக்குள் புதைந்திருக்கிறது அண்ணா. தெரியவில்லை.

மாட்டுக்கும் பூனைக்கும் டாக்டர்

எல்லாம் சரி, அந்த 31 கிலோவை யாரும் பேசவில்லையே. ஹஸ்கி ஆணுக்கு அது அதிகம், மலமூட் ஆணுக்குக் குறைவு. முதலில் விலாவைத் தடவிப் பாருங்கள் அம்மா. லேசாக அழுத்தினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் சோபாவில் படுத்தே கொழுத்த ஹஸ்கி. தட்டுப்பட்டு 31 கிலோ என்றால் எலும்பே கனம் என்று பொருள், கலப்பாக இருக்கலாம். கலப்பு நாயின் முகத்தைப் பார்த்துப் பெற்றோரைச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜெர்மன் ஷெப்பர்டு கலந்த ஹஸ்கிக்கும் இதே உடம்பு வரும். மரபணுச் சோதனை செய்தால்தான் தெரியும்.

பெங்களூர் பழைய கை

டாக்டர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஷெப்பர்டு கலந்தால் காது இன்னும் பெரிதாகும், மூஞ்சி நீளும். இந்த முகத்தில் அது இல்லை. பெரிய எலும்புள்ள ஹஸ்கி என்பதே என் கட்சி.

ஸ்காபரோ வாசி

விலா கைக்குத் தட்டுப்படுகிறது, ஆனால் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டு பேருக்கும் பாதி வெற்றி. பட்டியலில் 'ஹஸ்கி அல்லது ஹஸ்கி கலப்பு' என்று எழுதி, தேடுபவர் எந்தப் பெயரில் தேடினாலும் வரும்படி 'மலமூட்' என்ற குறிச்சொல்லையும் சேர்த்துவிட்டேன். கார் படத்தை எடுத்துவிட்டுப் பக்கவாட்டுப் படத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

கோவை கதிர்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். என் நண்பனுக்கு ஒருவர் 'மலமூட் குட்டி' என்று ஒன்றரை மாதக் குட்டியின் படம் அனுப்பி, ஹஸ்கியைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார். படத்தைப் போடட்டுமா?

பெங்களூர் பழைய கை

போட வேண்டாம். அந்த வயதில் இரண்டும் பஞ்சுருண்டைதான், காதே சரியாக நிமிர்ந்திருக்காது. தாய் நாய் நிற்கிற படத்தைப் பக்கவாட்டில், ஆள் ஒருவர் அருகில் நிற்கும்படி எடுத்து அனுப்பச் சொல். முடிந்தால் நேரில் போய் அதன் முன்னங்காலைப் பிடித்துப் பார். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் ஹஸ்கி விலைகூடக் கொடுக்காதே.