டீசர் பதிவுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். நான் ஒரு சிறு பதிப்பகத்தில் வேலை பார்க்கிறேன். சனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு புதியவரின் முதல் சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவருகிறோம். தூத்துக்குடி உப்பளத்தைக் களமாகக் கொண்ட 11 கதைகள். புத்தகம் வருவதற்கு முன்னால் முகநூலிலும் வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் என்னென்ன போடுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். டீசர் 1, டீசர் 2 என்று ஆறு வரை போட்டாயிற்று.

எழுத்தாளரிடம் அனுப்பினால், "இதில் எது டீசர், எது அறிவிப்பு?" என்று கேட்கிறார். திரும்பிப் பார்த்தேன். அவர் கேட்டது சரி. அட்டைப்படம், விலை, ஒரு கதையின் முதல் பக்கம், "விரைவில்" என்ற வெறும் சொல், எல்லாமே டீசர் என்ற ஒரே தலைப்பில் கிடக்கின்றன. சொல் குழம்பியிருப்பதால்தான் திட்டமும் குழம்புகிறது என்று தோன்றியது. செய்யும் வேலையைத் தன் பெயரிலேயே சொல்லும் ஒரு சொல் கிடைக்குமா?

புலவர் ஐயா எழுதியது:

அம்மா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? முன்னோட்டம் இருக்கிறது. அது பிடிக்கவில்லையென்றால் நன்னூலைத் திறந்து பாருங்கள். நூலுக்கு முன் வருவதற்கு முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம் என்று எட்டுப் பெயர் சொல்லியிருக்கிறார் பவணந்தியார். எட்டில் அணிந்துரைதான் இன்றைக்கும் பரவலாகப் புழங்குகிறது. சும்மா கிடக்கும் புனைந்துரையை எடுத்து இதற்குக் கொடுத்துவிடலாம்.

வடிவமைப்பாளர் ரா. எழுதியது:

ஐயா, அந்த எட்டும் நூலோடு கட்டப்பட்டு வருபவை. படிக்க உட்கார்ந்தவனுக்குச் சொல்லப்படுபவை. செ. கேட்பது புத்தகமே இல்லாத நேரத்தில் வெளியே போகிற ஒன்று. படிப்பவன் இன்னும் உட்காரவில்லை, தெருவில் நடந்து போய்க்கொண்டிருக்கிறான். முன்னோட்டத்தைச் சினிமாக்காரர்கள் ட்ரெய்லருக்கு எடுத்துக்கொண்டார்கள். கணினியில் பதிவை வெளியிடுமுன் பார்ப்பதற்கும் அதே சொல் ஓடுகிறது. மூன்றாவது சுமையையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

சொல் இருக்கட்டும், முதலில் எதை எப்போது வெளியே விட முடியும் என்று பார்ப்போம். இது அச்சுவேலையோடு சேர்ந்த விஷயம். அச்சில் ஒரே தாளாக ஓடும் பக்கங்களைப் பாரம் என்போம். டெம்மி அளவில் ஒரு பாரம் 16 பக்கம். தொகுப்பு 160 பக்கம் என்றால் 10 பாரம். விலையைப் பாரக் கணக்கை வைத்துத்தான் போடுவோம். அட்டையின் முதுகும் அப்படித்தான்: 160 பக்கம் என்பது 80 தாள், தாள் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 8 மில்லிமீட்டர். கடைசி நேரத்தில் எழுத்தாளர் இன்னொரு கதை கொடுத்து 11 பாரமானால் முதுகு மாறும், விலை மாறும், அட்டைக் கோப்பைத் திரும்பத் திறக்க வேண்டும். ஆகவே பக்கம் முடிவாகும்வரை அட்டையும் விலையும் வெளியே போகக் கூடாது. அதுவரை நம் கையில் இருப்பது கதைகளின் வரிகள் மட்டுமே. நீங்கள் பெயர் தேடுவதும் அந்த வரிகளுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை அட்டையை அவசரப்பட்டு வெளியிட்டோம். அப்புறம், அதே தலைப்பில் வேறொரு புத்தகம் இருப்பது தெரிந்து தலைப்பை மாற்றினோம். காட்சியில் வந்தவர்கள் பழைய தலைப்பைச் சொல்லிக் கேட்டார்கள். கடையில் நின்ற பையன் "அப்படி ஒரு புத்தகம் நம்மிடம் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டான். அவன்மேல் தப்பில்லை.

கோவையிலிருந்து ஜெ. எழுதியது:

என் கதையைக் கேளுங்கள். என் முதல் கவிதைத் தொகுப்புக்கு நானே எட்டுப் பதிவு போட்டேன். எட்டிலும் விஷயம் ஒன்றுதான்: "விரைவில்", "மிக விரைவில்", "ஒரு மகிழ்ச்சியான செய்தி காத்திருக்கிறது". முதல் பதிவுக்கு எக்கச்சக்கமாக வாழ்த்து வந்தது. நான்காவதிலேயே ஆள் குறைந்துபோனார்கள். அச்சகத்தில் இழுத்து, புத்தகம் மூன்று மாதம் கழித்து வந்தது. வெளியீட்டு விழாவுக்கு அழைத்தால் பாதிப் பேர், "அது போன வருசமே வந்துடுச்சே, நான்தான் வாழ்த்தினேனே" என்கிறார்கள். வாழ்த்தியதும் வாங்கியதும் அவர்கள் மனதில் ஒன்றாகிவிட்டது.

சொல்லுக்கு என் பங்கு: ஆவல்தூண்டி.

ரா. எழுதியது:

ஜெ., உங்களுக்கு நடந்ததிலேயே இதன் சூட்சுமம் இருக்கிறது. பெரிய நடிகரின் படத்துக்கு வெறும் தேதியைப் போட்டாலே போதும், ஏற்கெனவே காத்திருப்பவர்களிடம் அது போய்ச் சேரும். முதல் புத்தகக்காரருக்காக யாரும் காத்திருக்கவில்லை. இல்லாத ஆவலைத் தூண்ட முடியாது, முதலில் உண்டாக்க வேண்டும். அதற்குப் பதிவுக்குள்ளேயே புத்தகத்தின் ஒரு துண்டு இருந்தாக வேண்டும். "விரைவில்" என்பதில் அப்படி எந்தத் துண்டும் இல்லை. ஆவல்தூண்டி என்ற சொல்லும் அதே பிழையைச் செய்கிறது. வேலையின் பலனைச் சொல்கிறதே ஒழிய, என்ன போட வேண்டும் என்று சொல்லவில்லை.

துண்டு என்றால் எந்தத் துண்டு? செ. எனக்குத் தனியே இரண்டு வரிகள் அனுப்பியிருந்தார். அனுமதி கேட்டுக்கொண்டு இங்கே போடுகிறேன்.

ஒன்று: "உழைப்பவன் வியர்வையும் உப்புதான்."

இரண்டு: "அம்மா செத்த அன்று உப்பளத்தில் மழை. வந்தவர்கள் எல்லோரும் மழைக்காகத்தான் அழுதார்கள்."

புத்தகத்தைப் படிக்காத ஒருவரிடம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதற்கு "ஆமா, சரிதான்" என்பார். பேச்சு முடிந்துவிடும். அது பொன்மொழி. நாள்காட்டியில் போடலாம். இரண்டாவதற்கு "அப்புறம்?" என்பார். பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பு மழையில் கரைந்துபோகும் என்று தெரிந்தவருக்கு அழுகையின் காரணம் பாதி புரியும், தெரியாதவருக்குப் புதிராக இருக்கும். இரண்டு பேருமே அந்த மகன் என்ன செய்தான் என்று கேட்பார்கள். அந்த "அப்புறம்?" வந்தால்தான் அது நம் ஆள்.

திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியது:

நல்ல தகவல். எனக்கும் ஒரு டீசர் வேண்டும், 30 நொடி, பின்னணி இசையோடு. குழுவில் யாராவது செய்து தருவீர்களா? எவ்வளவு ஆகும்?

செ. எழுதியது:

திருப்பூர் நண்பருக்கு: இங்கே சொல் மட்டும்தான் செய்கிறோம், காணொளி செய்வதில்லை.

ரா. சொன்ன சோதனையை அலுவலகத்தில் செய்து பார்த்தோம். நான் தேர்ந்து வைத்திருந்த ஒன்பது வரிகளில் ஐந்து நாள்காட்டிக்குப் போய்விட்டன. கொஞ்சம் வலித்தது. மிச்சம் நான்கு. அதில் ஒன்று ஒரு கதையின் முடிவையே உடைக்கிறது என்று எழுத்தாளர் எடுக்கச் சொன்னார். மூன்று மிஞ்சியது. மூன்று வாரம், வாரத்துக்கு ஒன்று. அவருடைய நட்பு வட்டம் சிறியது, அதே முகங்கள்தான் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகின்றன. அதற்குமேல் போட்டால் ஜெ.வின் நான்காவது பதிவு கதைதான்.

சொல் ஒன்று தோன்றுகிறது. முழுதும் சொல்லாமல் லேசாகக் காட்டுவதைக் கோடி காட்டுவது என்கிறோமே. கோடிகாட்டல், கோடிப்பதிவு?

திருநெல்வேலியிலிருந்து மு. எழுதியது:

அக்கா, எங்கள் பக்கம் கோடி என்றால் சாவு வீட்டுக்கு எடுத்துப் போகிற புதுத்துணி. முதல் புத்தகத்துக்குக் கோடி போட்டார்கள் என்று எழுதினால் எங்கள் ஆச்சி எழுந்து வந்து அடிப்பார். ஊர்ப்பக்கம் போகாதவர்கள் அதை நூறு லட்சம் என்று படிப்பார்கள், அது வேறு.

சாடைப் பதிவு என்று சொல்ல வந்தேன். ஆனால் முகநூலில் சாடை என்றால் பெயர் சொல்லாமல் யாரையோ திட்டுவது. அதுவும் போச்சு. பதச்சோறு எப்படி?

புலவர் ஐயா எழுதியது:

பதச்சோறு அருமையான சொல், ஆனால் இதற்கு இல்லை, தம்பி. ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பது பானை முழுதும் வெந்திருக்கிறதா என்று அறிவதற்கு. அந்தச் சோதனை முடிவைச் சொல்லிவிடுகிறது. அம்மையார் பட்டியலில் ஒரு கதையின் முதல் பக்கம் என்று இருந்ததே, அதற்குப் பதச்சோறு என்று வையுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவனுக்கு அது உதவும்.

ரா. எழுதியது:

ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். திட்டத்தாளும் இப்போது தானாகப் பிரிகிறது. பக்கம் முடிவாகும் முன்னால் வரிகள். முடிவானதும் அட்டையும் விலையும் முன்பதிவு இணைப்பும் ஒரே நாளில், இது அறிவிப்பு. அதன் பிறகு பதச்சோறு. மூன்றாவது வரிக்கும் அறிவிப்புக்கும் இடையே ஒரு வாரத்துக்குமேல் விடாதீர்கள். வரியைப் படித்தவர் "எங்கே கிடைக்கும்?" என்று கேட்கும்போது பதில் இல்லையென்றால் அடுத்த முறை கேட்கமாட்டார். டிசம்பரில் எல்லாரும் காட்சிக்கு ஓடுவதால் அச்சகம் நிரம்பி வழியும். பக்கத்தை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இணையக் கடையில் புத்தகத்தின் பக்கத்தை முன்கூட்டியே உருவாக்கி, அதன் இணைப்பை யாருக்காவது வாட்ஸப்பில் அனுப்பினால், பக்கத்தில் `og:image` ஆகக் கொடுத்த அட்டைப்படம் இணைப்போடு சேர்ந்து போய்விடும். இப்படி ஒரு அட்டை அறிவிப்புக்கு முந்தின இரவே ஊரெல்லாம் சுற்றியது எனக்குத் தெரியும்.

முதல் வகைக்கு என் சொல் முன்கீற்று. கதவிடுக்கில் தெரிகிற வெளிச்சம். உள்ளே விளக்கு எரிகிறது என்று காட்டும், அறையைக் காட்டாது. முன்கீற்றுகள் என்று பன்மை வரும், முன்கீற்று வரி, முன்கீற்றுப் பதிவு என்று சேர்த்தும் எழுதலாம்.

மு. எழுதியது:

கீற்று என்றதும் எனக்குத் தென்னங்கீற்றுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் ஆச்சி அடிக்கமாட்டார்.

புலவர் ஐயா எழுதியது:

முன் என்ற ஒட்டு தேவையா? கீற்று என்றாலே போதாதா? முன்கீற்று என்றால் பின்கீற்று எங்கே என்று மாணவன் கேட்பான். நான் இன்னும் புனைந்துரையைக் கைவிடவில்லை.

ஜெ. எழுதியது:

எனக்கு ஆவல்தூண்டிதான் கேட்டவுடன் புரிகிறது. முன்கீற்று என்று சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டாவது தொகுப்புக்கு எட்டுப் பதிவு போடமாட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

செ. எழுதியது:

தாளைத் திருத்திவிட்டேன். மூன்று முன்கீற்று, ஒரு அறிவிப்பு, இரண்டு பதச்சோறு. எழுத்தாளருக்கு அனுப்பினேன், இந்த முறை எது எது என்று கேட்கவில்லை. "முன்கீற்று 2ஐ முதலில் போடலாமா?" என்று மட்டும் கேட்டார். அச்சகத்தாரிடம் பேசும்போது நான் இன்னும் டீசர் என்றுதான் சொல்கிறேன். புலவர் ஐயாவின் பின்கீற்றுக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மழை வரி வரும் புதன்கிழமை போகிறது.