லோரோங் கூலிட்டில் ஒரு ஆரஞ்சு சீக்கோ: 500 வெள்ளியில் வாட்ச் சேர்க்கத் தொடங்குபவருக்கு

சுங்கை டுவா தம்பி

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். வாட்ச் சேர்க்க ஆசை வந்துவிட்டது. கையில் இருப்பது 500 வெள்ளி. அதற்குள் மூன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன்: வேலைக்கு ஒன்று, மழை வெயில் பார்க்காமல் போட ஒன்று, பழைய ஆட்டோமேட்டிக் ஒன்று.

ஞாயிறு காலை பினாங்கு லோரோங் கூலிட் சந்தைக்குப் போயிருந்தேன். ஸ்டேடியம் பக்கம் தரையில் துணி விரித்து வாட்ச் விற்கும் ஒரு அங்கிளிடம் ஆரஞ்சு டயல் போட்ட சீக்கோ 5 இருந்தது. கடையில் இருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி பளபளப்பு. "எழுபதுகளில் வந்தது, ஒரிஜினல்" என்றார். 150 சொன்னார், 130 வரைக்கும் இறங்கினார். நான் இன்னும் வாங்கவில்லை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாங்கலாமா? இப்படி வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா

தம்பி, என் கதையைச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது கேசியோ எஃப்-91டபிள்யூ. தம்பி முகத்தில் மீசை வருவதற்கு முன்னாலேயே வாங்கியது. சமையல், துவையல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அதோடுதான். பேட்டரி ஏழு வருடம் வரும் என்றார்கள், அதற்கு மேலும் வந்தது. ஸ்ட்ராப் மட்டும் நம் ஊர் வெக்கையில் பிசுபிசுத்து அறுந்து போனது. பேட்டரி மாற்ற எந்தக் கடை நல்லது என்று யாராவது சொல்லுங்களேன்.

பழைய பெஞ்ச்

அக்கா கேட்டது வேறு விஷயம் என்றாலும் தம்பியின் மூன்றில் ஒன்றுக்கு விடை சொல்லிவிட்டார். மழை வெயிலுக்கு அந்தக் கேசியோதான். நூறு வெள்ளிக்குள் புதிதாகவே கிடைக்கும். அதற்குப் பழைய வாட்ச்சைத் தேடாதே.

இப்போது ஆரஞ்சுக்கு வருகிறேன். மாமா கடையில் பெஞ்சில் உட்கார்ந்து பழகியவன் நான். இந்த மாதிரி வாட்ச் நிறையத் திறந்திருக்கிறேன். தம்பி, உன் படத்தில் இருக்கும் டயல் சீக்கோ தொழிற்சாலையில் இருந்து வந்த நிறத்தில் இல்லை. பழைய டயலைச் சுரண்டி, மேலே புதிதாகப் பெயின்ட் அடித்து, எழுத்தைத் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள். இந்த வேலை அதிகம் நடப்பது இந்தியாவில். அதனால்தான் சேகரிப்பவர்கள் இதை 'மும்பை ஸ்பெஷல்' என்று சொல்வார்கள். உள்ளே இருக்கும் இயந்திரம் உண்மையான சீக்கோவாகவே இருக்கலாம். ஆனால் ஒரே வாட்ச்சின் பாகங்களாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஒன்றில் இருந்து கேஸ், இன்னொன்றில் இருந்து முள், மூன்றாவதில் இருந்து இயந்திரம் என்று சேர்ந்திருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், முதலில் ஆறாம் மணிக்குக் கீழே, டயலின் விளிம்பில் பார். சீக்கோ அங்கே பொடி எழுத்தில் ஓர் எண் போடும். அதன் முதல் நான்கு இலக்கம் இயந்திரத்தின் வகை. பின்மூடியிலும் அதேபோல் ஓர் எண் இருக்கும், அதன் முதல் நான்கும் அதே வகைதான். உன் படத்தில் பின்மூடியில் 7009 தெளிவாகத் தெரிகிறது. டயலில் அந்த எண்ணே இல்லை. திரும்பப் பெயின்ட் அடிப்பவர்கள் அந்தப் பொடி எழுத்தை விட்டுவிடுவார்கள், அல்லது மசமசவென்று அச்சடிப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லூப் வாங்கிக்கொள். அதில் ஒரிஜினல் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும், இதில் மை கசிந்த மாதிரி தடித்திருக்கும்.

பிறகு முள்ளைப் பார். இருட்டில் ஒளிரும் பூச்சு முள்ளில் பச்சையாகப் பளிச்சென்று இருந்து, மணிக்குறியில் ஒன்றுமே இல்லை என்றால் இரண்டும் ஒன்றாகப் பிறக்கவில்லை. நாற்பது வருடப் பூச்சு ஒரிஜினலாக இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மங்கி, பால் காய்ந்த நிறத்துக்கு வந்திருக்கும்.

பட்டர்வொர்த்காரன்

அண்ணே, நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒன்று விட்டுவிட்டீர்கள். மாடல் எண்ணின் கடைசியில் ஜே என்று இருந்தால்தான் ஜப்பான் சரக்கு, தரம். கே என்று இருந்தால் இயந்திரம் மட்டம். நான் ஜே தவிர வேறு தொடுவதே இல்லை. அதேபோல் ஓடுகிற வாட்ச்சை சர்வீஸ் பண்ணுவது காசு வீண். ஓடுவதைத் தொடாதே என்பதுதான் என் கொள்கை.

பழைய பெஞ்ச்

தம்பி பட்டர்வொர்த், ஜே, கே என்பது எந்தச் சந்தைக்கு அனுப்பினார்கள் என்பதற்கான குறி. புது சீக்கோ 5-இல் ஜே இருந்தால் டயலில் ஜப்பான் என்று எழுதியிருக்கும், அது உண்மைதான். ஆனால் இரண்டையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தின் தரத்தில் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு எழுத்துக்காகக் கூடுதலாக நூறு கொடுப்பதை விட, அந்த நூறை சர்வீஸுக்கு வைக்கலாம்.

சர்வீஸ் விஷயத்தில் நான் உன்னோடு ஒத்துப்போகவே மாட்டேன். பழைய எண்ணெய் காய்ந்து பசை மாதிரி ஆகியிருக்கும். வாட்ச் ஓடும்தான். ஆனால் சக்கரத்தின் முனைகள் வறண்ட குழியில் உரசித் தேய்ந்துகொண்டே ஓடும். தேய்ந்த பிறகு எண்ணெய் ஊற்றினால் என்ன பயன்? பாகம் தேட வேண்டும். 7009-க்குப் பாகம் கிடைக்கிறது என்றால் அதுவும் இன்னொரு வாட்ச்சைக் கழற்றித்தான்.

ஆகவே சுங்கை டுவா தம்பி, விலையை 130 என்று கணக்குப் போடாதே. என் பக்கத்து ரிப்பேர்காரர் இந்த மாதிரி வாட்ச்சுக்கு முழு சர்வீஸ் 110 வாங்குகிறார். ஸ்ட்ராப் 25. அப்படியென்றால் ஆரஞ்சு உனக்கு 265 வெள்ளி. உன் பணத்தில் பாதிக்கு மேல் பெயின்ட் அடித்த டயலுக்குப் போகிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசி

பாகத்தைப் பற்றிச் சொன்னதும் நினைவு வருகிறது. இங்கே ஆம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் என் தோழி ஒரு சீக்கோ வாங்கினாள். ஒரு நாளில் பத்து நிமிடம் முன்னால் ஓடியது. ஒரு கடையில் உள்ளே எல்லாம் மாற்ற வேண்டும் என்று 180 கேட்டார்கள். இன்னொரு கடையில் பெரியவர் ஒருவர் காந்தம் ஏறியிருக்கிறது என்று சொல்லி, ஒரு சின்னப் பெட்டிமேல் வைத்து எடுத்தார். அதோடு சரியாகிவிட்டது. அவளது கைப்பையில் காந்தப் பொத்தான் இருந்தது, வாட்ச்சை அதற்குள்தான் போடுவாளாம்.

பழைய பெஞ்ச்

நல்ல பெரியவர். ஓட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மயிர்ச்சுருளில் காந்தம் ஏறினால் அதன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஓட்டம் தலைதெறிக்க முன்னால் போகும். ஆனால் எல்லா வேகமும் காந்தத்தால் இல்லை. எண்ணெய் சுருளில் பட்டாலும் இதே மாதிரிதான் ஓடும். அப்போது கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். ஒரு நாளில் அரை நிமிடம் முன்பின் போவது இந்த வகைக்குக் குறையே இல்லை, அதற்காக யாரும் கடை ஏற வேண்டாம்.

பட்டர்வொர்த்காரன்

எனக்கு ஒரு நீல டயல் இருக்கிறது அண்ணே, அதுவும் பெயின்ட்தான் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் கட்டினால் அழகாக இருக்கிறது. கட்டத்தானே வாங்குகிறோம்?

பழைய பெஞ்ச்

கட்டு, சந்தோஷமாகக் கட்டு. பெயின்ட் என்று தெரிந்து, அதற்குரிய விலையில் வாங்கினால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரிஜினல் என்று சொல்லி, ஒரிஜினல் விலை வாங்குவதுதான் பிரச்சினை.

சுங்கை டுவா தம்பி

அண்ணே, மறுபடியும் போய் வந்தேன். லூப் வாங்கிக்கொண்டு போனேன். ஆரஞ்சின் எழுத்து நீங்கள் சொன்ன மாதிரியே கசிந்திருந்தது. அதே அங்கிளிடம் ஓரத்தில் ஒரு வெள்ளி நிற டயல் கிடந்தது. கண்ணாடி முழுக்கக் கீறல், டயலில் நாலு மணி பக்கம் ஒரு சின்னப் புள்ளி. ஆறாம் மணிக்குக் கீழே 7009 கூர்மையாக இருந்தது. பின்மூடியிலும் 7009.

மெதுவாக ஆட்டினேன், ஓடத் தொடங்கியது. கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் கொப்பி குடித்து வந்தேன், நிற்கவில்லை. திருகை இழுத்துத் தேதி, கிழமை இரண்டையும் மாற்றிப் பார்த்தேன், மாறியது. திறந்து காட்டுவீர்களா என்று பணிவாகக் கேட்டதற்கு அங்கிளே ரப்பர் பந்தை வைத்து மூடியைத் திருகிக் கொடுத்தார். உள்ளே துரு இல்லை, ஆட்டினால் சுழலும் ரோட்டரில் 7009 இருந்தது. 90 வெள்ளிக்குக் கொடுத்தார். வாங்கிவிட்டேன்.

வரிசை எண் 7-இல் தொடங்குகிறது, அடுத்தது என். இது எந்த வருடம்?

பிரிக்பீல்ட்ஸ் வாசி

முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணாகவே வரும், அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. எனவே 1977 நவம்பர். வாழ்த்துகள் தம்பி!

பழைய பெஞ்ச்

நவம்பர் சரி. 1977 என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த எண்ணில் பத்தாண்டு வராது. 7009 எண்பதுகளிலும் வந்தது, ஆகவே 1987-ஆகவும் இருக்கலாம். 7எஸ்26 என்ற பிந்தைய சீக்கோ இயந்திரம் போட்ட வாட்ச் என்றால் குழப்பம் குறைவு. அது 1996-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய வருடத்தைச் சொல்லி யாராவது விற்றால் நம்ப வேண்டாம். உன்னுடையதற்கு அந்த வசதி இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசி

டயல் வடிவம் எழுபதுகளின் பாணி அண்ணே. நான் 1977 என்றே வைத்துக்கொள்கிறேன்.

பழைய பெஞ்ச்

வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள்.

தம்பி, சர்வீஸுக்குக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல். கண்ணாடியை மாற்றச் சொல். கேஸை மட்டும் பாலிஷ் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். பாலிஷ் போட்டால் கேஸின் கூர்மையான ஓரங்கள் உருண்டு போகும், திரும்ப வராது. டயலில் இருக்கும் புள்ளியையும் தொட விடாதே. பின்மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போடச் சொல். அப்படிப் போட்டாலும் மழையில் நனைக்காதே, திருகு வழியாகவும் ஈரம் ஏறும். நம் பினாங்கு ஈரத்தில் கண்ணாடிக்கு உள்ளே பனி பிடித்தால் அன்றைக்கே ரிப்பேர்காரரிடம் எடுத்துப் போ, அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தால் திருகுப் பக்கம் துரு பிடித்திருக்கும்.

சுங்கை டுவா தம்பி

சரி அண்ணே. 90, சர்வீஸ் 110, மொத்தம் 200. கேசியோவுக்கு 80 வைத்திருக்கிறேன். மிச்சம் 220, அதில் கண்ணாடியும் ஸ்ட்ராப்பும். வேலைக்குப் போடும் வாட்ச்சை இப்போதே வாங்க வேண்டுமா?

ஆயர் ஈத்தாம் அக்கா

இந்தச் சீக்கோவையே வேலைக்குப் போடுங்க தம்பி. இரண்டு மூன்று மாதம் கட்டிப் பார்த்தால்தானே உங்க கைக்கு எந்த அளவு, எந்த டயல் என்று தெரியும்?

பழைய பெஞ்ச்

அக்கா சொல்வதைத்தான் நானும் சொல்வேன். ஸ்ட்ராப் வாங்கும் முன் வாட்ச்சின் காதுகளுக்கு இடையே உள்ள அகலத்தை அளந்துகொள். பழைய சீக்கோ 5 பெரும்பாலும் 18 மில்லிமீட்டர், சிலது 19. 19 என்றால் கடையில் எளிதில் கிடைக்காது, 20-ஐ நசுக்கிச் செருகித் தருவார்கள், வாங்காதே.