பாலிசி ரத்தாகிவிட்டது, ப்ரீபெய்டு இன்சூரன்ஸில் 3,008 ரூபாய் ஏன் நிற்கிறது?

கேட்பவர் (ஈரோடு, மஞ்சள் வியாபார நிறுவனம்):
வணக்கம். வாடகைக் கிடங்கு ஒன்றுக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்திருந்தோம். காலம் 1.7.2024 முதல் 30.6.2025 வரை. பிரீமியம் 48,000, ஜி.எஸ்.டி. 8,640. ஜி.எஸ்.டி.யை அப்போதே உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டோம். 48,000 ரூபாயை ப்ரீபெய்டு இன்சூரன்ஸில் வைத்து, மாதம் 4,000 வீதம் செலவுக்கு மாற்றிவந்தோம்.

கிடங்கைக் காலி செய்ததால் 31.12.2024 அன்றோடு பாலிசியை ரத்து செய்தோம். ஜனவரி கடைசியில் வங்கியில் 16,992 வந்தது. அதை அப்படியே ப்ரீபெய்டு கணக்கில் வரவு வைத்தேன். இப்போது அங்கே 3,008 பற்று நிற்கிறது. பாலிசியே இல்லாதபோது இது என்ன பாக்கி?

பதில் 1 (கோவை):
ரத்தான பாலிசிக்குச் சொத்துக் கணக்கில் பாக்கி நிற்கக் கூடாது. 3,008 ரூபாயைக் காப்பீட்டுச் செலவில் தள்ளி முடித்துவிடுங்கள். திரும்பி வராத பணம் நட்டம்தானே.

பதில் 2 (மதுரை, மருத்துவமனைக் கணக்குப் பிரிவு):
எங்களுக்கும் போன ஆண்டு இப்படி நடந்தது. வந்த தொகை முழுவதையும் ப்ரீபெய்டில்தான் கழித்தோம், தணிக்கையாளர் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் செய்தது சரிதான்.

பதில் 3 (சேலம், வரி ஆலோசகர்):
மதுரை நண்பருக்கு அது சரி. மருத்துவமனைச் சேவைக்குப் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. இல்லை, அதனால் உள்ளீட்டு வரியும் எடுத்திருக்க மாட்டீர்கள். உங்கள் ப்ரீபெய்டு தொகைக்குள்ளேயே வரியும் அடங்கியிருக்கும். ஈரோட்டுக்காரர் வரியைத் தனியாக எடுத்தவர்.

ஐயா, 16,992 ரூபாயை 1.18 ஆல் வகுத்துப் பாருங்கள்: 14,400. இது 48,000இல் சரியாக 30 சதவீதம். மீதி 2,592 ஜி.எஸ்.டி. குறுகிய கால அட்டவணைப்படி ஆறு மாதத்துக்கு 70 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாலிசியின் ரத்து நிபந்தனையில் அந்த அட்டவணை இருக்கும்.

அடுத்து, டிசம்பர் முடிவில் ப்ரீபெய்டில் 24,000 இருந்திருக்க வேண்டும். அதில் 16,992 போனால் 7,008 நிற்க வேண்டும். 3,008 நிற்கிறது என்றால், ஜனவரி மாதத்துக்கும் 4,000 செலவு எழுதியிருக்கிறீர்கள். லெட்ஜரைப் பாருங்கள்.

கேட்பவர்:
உண்மை ஐயா. மாதாந்திரப் பதிவு 31.1.2025 தேதியில் இருக்கிறது. நிபந்தனைப் பக்கத்திலும் 70 சதவீதம் என்றே அச்சிட்டிருக்கிறது.

பதில் 3:
முதலில் ஜனவரிப் பதிவை நீக்குங்கள். இனி வரும் மாதங்களுக்கும் நிறுத்துங்கள். பாக்கி 7,008 ஆகும். பிறகு இந்தப் பதிவு:

```
காப்பீட்டுச் செலவு        பற்று   9,600
  ப்ரீபெய்டு இன்சூரன்ஸ்   வரவு    7,008
  உள்ளீடு CGST            வரவு    1,296
  உள்ளீடு SGST            வரவு    1,296
```

24,000 ரூபாய் மதிப்புள்ள காலம் மீதமிருந்தது, கிடைத்தது 14,400. வித்தியாசமான 9,600தான் உங்கள் நட்டம். இனி ஆண்டின் காப்பீட்டுச் செலவு 33,600 என்று காட்ட வேண்டும்; அது 48,000இல் 70 சதவீதம். கோவை நண்பர் சொன்னபடி 3,008ஐத் தள்ளினால் செலவு 31,008இல் நின்றுவிடும். குறையும் 2,592தான் திருப்பித் தர வேண்டிய வரி. ப்ரீபெய்டு பூஜ்யமாகத் தெரியும். தவறு உள்ளீட்டு வரிக் கணக்கில் ஒளிந்திருக்கும்.

காப்பீட்டு நிறுவனத்தின் கிரெடிட் நோட் உங்கள் GSTR-2B-யில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாத GSTR-3B-யில் 2,592ஐக் குறைக்க வேண்டும்.

பதில் 1:
வரியைக் கவனிக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 9,600 டிசம்பர் செலவா, ஜனவரி செலவா? பணம் வந்தது ஜனவரியில்தானே.

பதில் 3:
ரத்து நடைமுறைக்கு வந்த நாள்தான் கணக்கு, பணம் வந்த நாள் அல்ல. டிசம்பர் 31இலேயே வர வேண்டிய தொகையாக 16,992ஐ எழுதி, நட்டத்தையும் அன்றே எடுத்திருந்தால் சுத்தமாக இருந்திருக்கும்.

கேட்பவர்:
டிசம்பர் மாத அறிக்கையை முதலாளியிடமும் வங்கியிடமும் கொடுத்தாகிவிட்டது ஐயா.

பதில் 3:
இரண்டும் ஒரே நிதியாண்டு என்பதால் ஆண்டுக் கணக்கு மாறாது. ஜனவரியில் எழுதி, விவரக் குறிப்பில் ரத்துத் தேதியைப் போடுங்கள். வங்கிக்குத் திருத்திய அறிக்கை தேவையா என்பதை உங்கள் தணிக்கையாளர்தான் சொல்ல வேண்டும்.

பதில் 4 (திருச்சி, காப்பீட்டு முகவர்):
அம்மா/ஐயா, 30 சதவீதத்தோடு விட்டுவிட வேண்டாம். 2024இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையில், ஓராண்டு வரையிலான பாலிசியில் இழப்பீடு எதுவும் கோராமல் ரத்து செய்தால், மீதமுள்ள காலத்துக்கு விகிதப்படி பிரீமியத்தைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் உங்களுக்கு 24,000 கிடைக்க வேண்டும்.

பதில் 3:
அது சில்லறை வாடிக்கையாளர்களுக்கான பகுதியில் வருகிறது. நிறுவனத்தின் பெயரில் உள்ள கிடங்குப் பாலிசிக்கு ஏற்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வரும்வரை அந்த 9,600ஐ வர வேண்டிய தொகையாக எழுத வேண்டாம். மேலும் பணம் வந்தால், வந்த மாதத்தில் செலவைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கிரெடிட் நோட் கேளுங்கள்.

கேட்பவர்:
ஜனவரிப் பதிவை நீக்கி, புதிய பதிவைப் போட்டேன். ப்ரீபெய்டு பூஜ்யம், செலவு 33,600. GSTR-2B-யில் கிரெடிட் நோட் இன்னும் தெரியவில்லை. கிளை அலுவலகத்துக்கு இரண்டையும் சேர்த்து இன்று கடிதம் அனுப்புகிறேன்.